மொய் நோட்டில் ஒரு வியாபாரி: அரசு ஊழியர் எதை வாங்கலாம், எதை எழுதித் தர வேண்டும்?

மத்திய அரசு ஊழியர் வீட்டில் கல்யாணம் நடந்தால், மொய் நோட்டை இரண்டு முறை படிக்க வேண்டும். யாருக்குத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பார்ப்பது ஒரு முறை. வந்தவர்களில் யாருக்குத் தன் அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. இந்த இரண்டாவது வாசிப்பைத் தவறவிட்டுப் பின்னால் விசாரணையில் பதில் சொல்லத் திணறுபவர்களில் நேர்மையானவர்களும் உண்டு.

இதற்கான சட்டம் புதிதல்ல. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 13ஆம் விதி பரிசுகளைப் பற்றியது. ஊழியர் பரிசு வாங்கக் கூடாது, குடும்பத்தார் வாங்கவும் விடக் கூடாது என்பதே அதன் தொடக்கம். விதிவிலக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இந்த வரிசையை மறந்து, “ஐயாயிரம் வரைக்கும் வாங்கலாமாம்” என்று தொகையை மட்டும் நினைவில் வைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். முதலில் பார்க்க வேண்டியது கொடுப்பவர் யார் என்பதை. தொகை அதற்கு அடுத்தது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் மத்திய ஜிஎஸ்டி அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர். குரூப் ‘பி’ பணி. மகளுக்குக் கல்யாணம். மொய் நோட்டில் மூன்று பேரை மட்டும் பார்ப்போம்.

முதலாமவர் பெண்ணின் தாய்மாமன். ஒரு பவுன் சங்கிலி போட்டிருக்கிறார். கல்யாணம், நினைவு நாள், இறப்பு, சமயச் சடங்கு போன்ற நேரங்களில் வழக்கத்தை ஒட்டி நெருங்கிய உறவினர் தருவதை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மதிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். குரூப் ‘ஏ’ ஊழியருக்கு அந்த எல்லை 25,000 ரூபாய், ‘பி’க்கு 15,000, ‘சி’க்கு 7,500. பவுன் விற்கிற விலையில் ஒரு பவுன் சங்கிலி இந்த எல்லைகளை எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே கண்காணிப்பாளர் எழுதித் தர வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை, தகவல் சொன்னால் போதும்.

இரண்டாமவர் கோயம்புத்தூரில் இருக்கும் பள்ளித் தோழர். பத்தாயிரம் மொய். அவருக்கும் கண்காணிப்பாளரின் அலுவலகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அலுவல் தொடர்பில்லாத நண்பரை விதி உறவினருக்குச் சமமாகவே வைக்கிறது. தொகையும் 15,000க்குள் இருப்பதால் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாமவர் ஊரில் பெரிய பாத்திரக் கடைக்காரர். இருபதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்திருக்கிறார். இருபது வருடப் பழக்கம், அவரும் நண்பர்தான். ஆனால் அவர் கடைக் கணக்கு இதே கண்காணிப்பாளரின் மேசைக்கு வருகிறது. அந்த ஒரு காரணத்தால் முந்தைய சலுகை அவருக்குப் பொருந்தாது. இத்தகைய மற்ற பரிசுகளுக்கு, ‘ஏ’, ‘பி’ ஊழியர்கள் என்றால் 5,000 ரூபாய்க்கு மேலும், ‘சி’ ஊழியர்கள் என்றால் 2,000க்கு மேலும் போனால் அரசின் அனுமதி இல்லாமல் வாங்கவே கூடாது. 2019 வரை இந்த எல்லைகள் 1,500, 500 என்று இருந்தன.

அப்படியானால் அவர் நாலாயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்கித் தந்திருந்தால் சரியா? அந்த விதியின்படி முன் அனுமதி தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்துக்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. வேலைக்காகக் கொடுத்தது என்று தெரிந்தால் நூறு ரூபாயும் குற்றம்தான். அதனால் தொகை எதுவானாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நான் போன மாதமே வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தால் இவர் இதைக் கொண்டுவந்திருப்பாரா? இல்லை என்று தோன்றினால் வாங்காமல் இருப்பதே நல்லது.

சரி, விளக்கை என்ன செய்வது? மேடையில், நூறு பேர் பார்க்க, பெரியவர் ஒருவரின் கையைத் தட்டிவிட வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் தனியே எடுத்து வைக்கச் சொல்லி, நம்பிக்கையான உறவினர் ஒருவரை முன்கூட்டியே மொய் மேசையருகே நிறுத்தலாம். இரண்டொரு நாளில் தாம்பூலப் பையோடு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு வந்த பொருளைத் திருப்புவது அமங்கலம் என்ற தயக்கம் இரு பக்கமும் இருக்கும். தாம்பூலம் அதைக் குறைக்கும். பேச்சும் நேராக இருக்கட்டும்:

“அண்ணாச்சி, நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணினதே எங்களுக்குப் பெருசு. இதை நான் வச்சுக்கிட்டா நாளைக்கு உங்க கணக்குல நியாயமாத்தான் எழுதினேன்னு சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. உங்க பேருக்கும் சேர்த்துத்தான் திருப்பித் தர்றேன்.”

“வீட்டில் திட்டுவார்கள்”, “இப்போது வேண்டாம்” என்ற சாக்குகள் உதவாது. அடுத்த மாதம் வேறு வழியாகக் கொண்டுவந்து தரலாம் என்றுதான் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்.

பேச்சோடு நிறுத்தக் கூடாது. திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றோ மறுநாளோ மேலதிகாரிக்கு ஒரு கடிதமும் தர வேண்டும். யார் கொடுத்தார், எந்தத் தேதியில், எந்த நிகழ்ச்சியில், என்ன பொருள், சந்தை மதிப்பு சுமார் எவ்வளவு, அவருக்கு அலுவலகத்தில் என்ன விவகாரம் நிலுவையில் இருக்கிறது, பொருள் எப்போது திரும்பிப் போனது ஆகியவை அதில் இருந்தால் போதும். மதிப்பு தெரியாவிட்டால் நகைக்கடையில் விலை விசாரித்து எழுதலாம். நகலில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். புகார் வந்த பிறகு எழுதும் கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். வருவதற்கு முன் எழுதியது ஊழியரைக் காப்பாற்றும்.

விருந்தோம்பலுக்கும் இதே தர்க்கம்தான். சோதனைக்குப் போன இடத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, பேருந்து நிலையம் வரை வண்டியில் கொண்டுவிடுவது போன்றவை பரிசாகாது என்று விதியே சொல்கிறது. இலை போட்டுச் சாப்பிடச் சொன்னவரிடம் முகம் திருப்பத் தேவையில்லை. ஆனால் இலவசப் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவையும் பரிசுதான். அலுவல் தொடர்புள்ள நிறுவனத்தின் ஆடம்பர விருந்தையும், அடிக்கடி நடக்கும் விருந்தையும் தவிர்க்க வேண்டும். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போக ஆலை முதலாளி கார் அனுப்பினால் அது ‘லிஃப்ட்’ ஆகாது. வெளியூர்ச் சோதனையின்போது ஆலை விடுதி அறைக்குப் பணம் கட்டிவிட, ஊழியர் அதே இரவுக்குப் பயணப்படியில் அறை வாடகை கேட்டால், இலவசத் தங்கலோடு பொய்க் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

இவையெல்லாம் மத்திய அரசு ஊழியருக்கானவை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தனி நடத்தை விதிகள் உண்டு. தத்தம் அலுவலகத்தில் நடப்பிலுள்ள எல்லையைக் கேட்டு வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர், ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். உங்கள் கோப்பு ஒருவரின் மேசையில் இருக்கும்போது அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள், வாழ்த்துங்கள், சாப்பிட்டு வாருங்கள். வெள்ளி விளக்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.