கடன் முடியும் நாளும் வட்டி மாறும் நாளும்

20 வருடத் தவணையில் கொடுத்த வீட்டுக்கடனை வங்கியின் வட்டி இடர் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடன் முடியும் நாளைப் பார்த்தால் ‘5 ஆண்டுக்கு மேல்’ என்ற கடைசிக் கட்டத்தில். வட்டி அடுத்து மாறும் நாளைப் பார்த்தால் 3 மாதத்துக்குள் வரும் கட்டத்தில். பணம் எப்போது திரும்பும் என்பதல்ல, வட்டி எப்போது மாறும் என்பதே இந்த அறிக்கையின் கேள்வி. கடந்த 25 ஆண்டுகளில் நம் வங்கிகளில் பெரிதும் மாறியது அந்தத் தேதிதான்.

1990களின் தொடக்கம் வரை கடன் வட்டியையும் டெபாசிட் வட்டியையும் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. இரு பக்கமும் ஒரே கையில் இருந்ததால் இடையே உள்ள லாபமும் ஏறக்குறைய காப்பாற்றப்பட்டது. 1994 அக்டோபரில் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கான வட்டி வங்கிகளின் பொறுப்பாயிற்று. 1997க்குள் நிரந்தர வைப்புக்கான வட்டியும் அவற்றின் கைக்கு வந்தது. அப்போதுதான் இடைவெளிக் கணக்கு தேவைப்பட்டது. 1999 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை, சொத்துகளையும் பொறுப்புகளையும் வட்டி மாறும் தேதிப்படி கால அடுக்குகளாகப் பிரிக்கச் சொன்னது. 28 நாள் வரை, 3 மாதம் வரை, 6 மாதம் வரை, ஓராண்டு வரை என்று அடுக்குகள் மேலே போகும்.

கணினி இணைப்பில்லாத கிளைகள் நிறைந்த காலம் அது. எல்லாக் கிளைகளின் தகவலும் உடனே கிடைக்காது என்பதால், முதலில் 60 சதவீத வணிகத்தையாவது அறிக்கைக்குள் கொண்டுவந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள். பெரிய கிளைகளின் போக்கைப் பார்த்து மற்ற கிளைகளை ஊகிக்கும் முறையும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் என் பார்வையில் பெரிய பலவீனம் தகவல் பற்றாக்குறை அல்ல. கடன் வட்டி வங்கியின் சொந்த முதன்மை விகிதத்தோடு கட்டப்பட்டிருந்தது. அதை எப்போது மாற்றுவது என்பது வங்கியின் முடிவு. தேதியே இல்லாத கடனுக்கு அறிக்கையில் ஒரு தேதியை ஊகித்து எழுதினார்கள்.

2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். வந்ததும் ஒவ்வொரு கடனுக்கும் வட்டி மாறும் தேதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை. 2019 அக்டோபர் முதல், மாறும் வட்டியில் புதிதாகத் தரப்படும் வீட்டுக்கடன், தனிநபர் கடன், சிறு, குறு தொழில் கடன்களை ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு இணைத்து, 3 மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்றாயிற்று. கடன்கள் கூட்டமாக முதல் சில அடுக்குகளுக்கு நகர்ந்தன. டெபாசிட்தாரரோ பழையபடி, ஓரிரு வருடத்துக்கு உறுதியான வட்டி பேசிப் போட்டுவிட்டுப் போகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வங்கிக்கு 3 மாதத்துக்குள் வட்டி மாறும் கடன் 1,000 கோடி, அதே காலத்தில் முதிரும் வைப்பு 400 கோடி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 600 கோடி, கடன் பக்கம் கூடுதல். வட்டி 1 சதவீதம் ஏறி ஓராண்டு அப்படியே நின்றால், சுமார் 6 கோடி வரவு. இறங்கினால் அதே 6 கோடி நஷ்டம். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 2.5 சதவீதம் ஏறியபோது இத்தகைய வங்கிகளுக்குக் காற்று சாதகம். 2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் 6.5இலிருந்து 5.5 ஆக இறங்கியபோது கடன் வட்டி முன்னே இறங்க, பழைய வைப்புகள் முதிரும்வரை உயர்ந்த வட்டியையே கேட்டன.

இடைவெளி பூஜ்யம் என்றாலும் நிம்மதியில்லை. ஜூன் 30 அறிக்கையில், 29 நாள் முதல் 3 மாதம் வரையான அடுக்கில் 500 கோடி கடன், 500 கோடி வைப்பு. கடன் வட்டி ஆகஸ்ட் 1 அன்று மாறுகிறது. வைப்பு செப்டம்பர் 25 அன்று முதிர்கிறது. நடுவில் 55 நாள். ஜூலையில் வட்டி அரை சதவீதம் இறங்கினால், அந்த 55 நாளில் ஏறக்குறைய 38 லட்சம் ரூபாய் போகும். அறிக்கையில் அது தெரியாது. அடுக்கை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அகப்படும்.

இதைவிடக் கடினம் சேமிப்புக் கணக்கு. 2011 அக்டோபரில் அதன் வட்டியும் வங்கிகளிடம் விடப்பட்டது. வங்கி நாளைக்கே மாற்றலாம். ஆனால் பல ஆண்டு அசையாமலும் இருக்கலாம். 1999 நெறிமுறை வட்டி பெறும் பகுதியை 3 முதல் 6 மாத அடுக்கில் வைக்கச் சொன்னது. சேமிப்பு வட்டி ஏற்கெனவே மிகத் தாழ்வாக இருக்கும்போது இதை அப்படியே நம்பினால், ரெப்போ இறங்கும் அளவுக்குச் சேமிப்புச் செலவும் இறங்கும் என்று அறிக்கை காட்டும். இறங்குவதற்கு இடமே இருக்காது. ஆகவே அந்த வரியை எந்த அடுக்கில், எவ்வளவு வைத்தார்கள் என்று கேட்டுவிட்டே நான் ஓர் இடைவெளி அறிக்கையைப் படிப்பேன்.