வாசக்கதவு தேக்கு, மத்ததெல்லாம் என்ன கலர்?

சரவணம்பட்டியில மேற்குப் பார்த்த ஒரு வீடு. தேக்கு வாசக்கதவு, வெள்ளை யூபிவிசி ஜன்னல், கறுப்பு கிரில், சாக்லேட் கலர்ல உள் கதவுங்க. தனித்தனியா எல்லாமே அழகு. ஹால்ல நின்னு பார்த்தா நாலும் சண்டை போடுது.

நான் முதல்ல தரையைத்தான் பார்ப்பேன், அதை லேசுல மாத்த முடியாதே. இங்க ஐவரி டைல்ஸ். அதனால உள் கதவு, நிலை எல்லாத்தையும் ஐவரி பெயிண்ட்ல சுவரோட கரைச்சிட்டோம். வெள்ளை ஜன்னலும் அதோட சேர்ந்துக்கிச்சு. மரம் தெரியுறது வாசக்கதவுல மட்டும். கறுப்பு கிரில் அப்படியே இருக்கட்டும்னேன்: பகல்ல உள்ளேயிருந்து பார்த்தா கறுப்புக் கம்பியைத் தாண்டிக் கண்ணு வெளியே போயிடும், வெள்ளைக் கம்பிதான் வெயில் பட்டுப் பளிச்சுன்னு நிக்கும்.

அடுத்து பாலிஷ். மெலமைன் விலை கம்மி, ஆனா அது உள் கதவுக்கானது. நம்ம ஊர்ல தென்மேற்குப் பருவத்துல பாலக்காட்டுக் கணவாய்க் காத்தோட சாரல் மேற்கேயிருந்துதான் அடிக்கும். மத்த நாள்ல சாயங்கால வெயில். ரெண்டையும் வாங்கி மெலமைன் வெடிச்சு உரியும். வெளிப்புறத்துக்கான பியூ பாலிஷ்னு கேட்டு வாங்குங்க.

கதவை மாட்டுறதுக்கு முன்னாடி அடி விளிம்புக்கும் கோட்டிங் போட்டாங்களான்னு குனிஞ்சு பாருங்க, தண்ணி ஏறுறது அங்கதான். பின்னாடி கீழ்ப்பக்கம் ஒரு சாண் வெளுத்தா, பெரும்பாலும் காரணம் அதுதான்.

மிச்சத் தேக்குத் துண்டுல சாம்பிள் அடிக்கச் சொல்லி, டைல்ஸ் மேல வெச்சு, பகல்ல ஒருக்கா, ராத்திரி லைட்டுல ஒருக்கா பாத்துட்டு ஓகே சொல்லுங்க.