தவிர என்ற ஒரு சொல்

கதிர் ஐந்தாம் வகுப்பு மாணவன். வியாழக்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் ஊர் நூலகத்தின் வாசலில் தொங்கிய பலகையைப் படித்தான். அதில் ஐந்து வரிகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை
தவிர பிற நாள்களில்
காலை 8 முதல் 11 வரை
மாலை 4 முதல் 7 வரை
நூலகம் திறந்திருக்கும்

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, திருப்பித் தர வேண்டிய புத்தகத்தோடு கதிர் வந்தான். கதவில் பூட்டு தொங்கியது. கதை இவ்வளவுதான்.

கதைக்குப் பின் ‘என்ன தவறு நடந்தது?’ என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ‘அவசரமாகப் படித்தான்’ என்பார்கள். இந்தப் பதில் தவறு எந்த இடத்தில் நடந்தது என்று காட்டுவதில்லை. அதனால் முதல் கேள்வி இப்படி இருப்பது நல்லது: பலகையில் எந்த வரியை மறைத்தால் கதிர் புரிந்துகொண்ட பொருள் கிடைக்கும்? இரண்டாம் வரியை விரலால் மறைத்துப் பார்த்தால் விடை தெரியும். மிஞ்சும் நான்கு வரிகளும் பிழையில்லாத ஒரு வாக்கியமாக அமைந்துவிடுகின்றன. விட்டுப்போன இடத்தில் வாக்கியம் இடறியிருந்தால் கதிர் திரும்பப் படித்திருப்பான்; இங்கே இடறவில்லை. பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும்போது செய்யும் பிழைகளை 1960களில் ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன், இலக்கணத்துக்கும் பொருளுக்கும் ஒத்துப்போகும் பிழைகள் திருத்தப்படாமல் போவதைக் கவனித்தார்.

ஆனால் கதிர் வரியை விட்டான் என்று முடிவுகட்டுவதற்கு முன் இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். ‘தவிர’ இரு பக்கமும் சாயும் சொல். ‘வெள்ளியைத் தவிர எல்லா நாளும் வேலை’ என்றால் வெள்ளி விலகுகிறது. ‘படிப்பைத் தவிர விளையாட்டிலும் கெட்டிக்காரி’ என்றால் படிப்பு விலகுவதில்லை, அதோடு இன்னொன்று சேர்கிறது. பின்னால் வரும் ‘உம்’தான் இங்கே பொருளைத் திருப்புகிறது. பலகையில் ‘பிற நாள்களிலும்’ என்று எழுதியிருந்தால் வெள்ளியன்றும் நூலகம் உண்டு என்று ஆகியிருக்கும். ‘தவிர’ என்பதை ‘அதோடு கூட’ என்றே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படாது.

எது காரணம் என்று அறிய, பிள்ளையைப் பலகையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் போதும். ‘தவிர’ ஒலிக்காவிட்டால் கண் தாண்டியிருக்கிறது. ஒலித்த பிறகும் ‘வெள்ளி உண்டு’ என்று சொன்னால் சொல்லின் பொருளில்தான் சிக்கல். முன்னதற்கு வரிமேல் விரல் வைத்துப் படிப்பது உதவும். பின்னதற்கு மேலே கண்டது போன்ற இரு வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பேச வேண்டும்.

கடைசிக் கேள்வி பலகை எழுதியவருக்கு உரியது. நாளின் பெயர் தனி வரியில் நிற்க, அதை விலக்கும் சொல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. இதில் கதிரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பலகையை எப்படி மாற்றி எழுதலாம் என்று பிள்ளைகளையே கேட்கலாம். நேரங்களை முதலில் எழுதி, அடியில் ‘வெள்ளிக்கிழமை விடுமுறை’ என்று ஒரே வரியில் எழுதினால், நாளின் பெயரும் அதை விலக்கும் சொல்லும் பிரியாமல் நிற்கும்.