மூன்று கணக்கு, ஒரு கணக்கர்

ஒரு கணக்கரிடம் மூன்று கடைகளின் கணக்கு. ஒவ்வொன்றும் நான்கு நாள் வேலை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் 4, 8, 12ஆம் நாட்களில் முடியும். எல்லோரையும் சமாதானப்படுத்த நாளுக்கொன்றாகச் சுழற்றினால் 10, 11, 12. மூன்றாமவருக்கு லாபமில்லை, முதலிருவருக்கு நஷ்டம்.

இதுகூட, மாறுவதற்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொண்டால்தான். எந்த ரசீதில் விட்டோம், எந்தத் தொகை இடித்தது என்று ஒவ்வொரு மாற்றத்திலும் தேட அரைமணி போனால்? வரிசையில் இரண்டு முறை, சுழற்சியில் பதினொன்று. பாதியில் விட்ட வேலை மனத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை சோஃபி லெராய் 2009இல் ‘கவன எச்சம்’ என விவரித்தார்.

கையில் இரண்டு போதும். ஒன்று வங்கி விவரத்துக்குக் காத்திருந்தால் மற்றதைப் பார்க்கலாம். மூன்றாமவரிடம், “உங்களுடையதை ஒன்பதாம் நாள்தான் எடுப்பேன்” என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.