மெட்டு திரும்பியது, வீடு திரும்பவில்லை

1788 ஜூன் 26 அன்று வியன்னாவில் மொசார்ட் தன் படைப்புகளைக் குறித்துவைக்கும் ஏட்டில் ஒரு பியானோ சொனாட்டாவைப் பதிந்தார். கற்கத் தொடங்குகிறவர்களுக்கான சிறிய சொனாட்டா என்பதே அதற்கு அவர் தந்த விவரம். இன்று கே. 545 என்று அறியப்படும் அந்தப் படைப்பின் முதல் பகுதி மொத்தம் 73 பார்தான். விரலுக்கு எளிது. ஆனால் சொனாட்டா வடிவத்தைப் படிக்கிற முதலாண்டு மாணவரை அது ஓரிடத்தில் தவறாமல் ஏமாற்றும்.

சொனாட்டா வடிவத்தில் மூன்று பகுதிகள். கருத்துகளை முன்வைக்கும் எக்ஸ்பொசிஷன், அவற்றைக் கலைத்துப் பார்க்கும் டெவலப்மென்ட், மீண்டும் கொண்டுவரும் ரீகேபிடுலேஷன். இதை 'மெட்டு வரும், மாறும், திரும்ப வரும்' என்று மனப்பாடம் செய்தால் பாதிதான் புரியும். இந்த வடிவத்தை நடத்துவது மெட்டு அல்ல, கீ. எந்தக் கீயில் நிற்கிறோம் என்று கேட்டால்தான் கதை பிடிபடும்.

கே. 545 தொடங்குவது சி மேஜரில். அதுதான் வீடு. இடது கை கார்டுகளைப் பிரித்து ஓட்ட, வலது கை சி, இ, ஜி என்று ஏறுகிறது. நான்கு பாரில் முதல் மெட்டு முடிந்து, ஸ்கேல்கள் ஓடத் தொடங்குகின்றன. 12-ஆம் பாரில் இசை ஜி கார்டில் வந்து நிற்கிறது. 14-ஆம் பாரில் இரண்டாவது மெட்டு கீழ்நோக்கி மெல்ல இறங்கி வருகிறது. இப்போது நாம் இருப்பது ஜி மேஜரில். எஃப் இருந்த இடத்தில் எஃப் ஷார்ப் வருவதே அடையாளம். 28-ஆம் பாரில் ஜி மேஜரிலேயே எக்ஸ்பொசிஷன் முடிந்து, மீண்டும் வாசிக்கச் சொல்லும் குறி வருகிறது. ஒரு மெட்டு வீட்டில், இன்னொன்று வெளியூரில். இந்தப் பிரிவைத் தீர்க்காமல் இசை முடிய முடியாது.

29-ஆம் பாரில் டெவலப்மென்ட். சற்றுமுன் ஜி மேஜரில் மகிழ்ச்சியாக முடிந்த அதே சிறு துணுக்கு, ஜி மைனரில் முகம் வாடி வருகிறது. பிறகு டி மைனர், ஏ மைனர் என்று எங்கும் காலூன்றாமல் நகர்கிறது. முதல் மெட்டும் இரண்டாவது மெட்டும் இங்கே தலைகாட்டுவதே இல்லை. டெவலப்மென்ட் என்றால் முதல் மெட்டைத்தான் விரிக்க வேண்டும் என்று விதி கிடையாது. இங்கே அது 13 பாரில் முடிந்துவிடுகிறது.

42-ஆம் பாரில் முதல் மெட்டு திரும்பி வருகிறது. ரீகேபிடுலேஷன் வந்துவிட்டது, வீடு வந்துவிட்டோம் என்று மாணவர் விடைத்தாளில் எழுதுவார். முதல் பாதி சரி, இரண்டாவது தவறு. வலது கை வாசிப்பது எஃப், ஏ, சி. அடுத்த பாரிலேயே இடது கையில் பி ஃபிளாட் வருகிறது. இது எஃப் மேஜர். வழக்கமாக முதல் மெட்டு சொந்தக் கீயில்தான் திரும்பும். மொசார்ட் இங்கே வழக்கத்தை மீறுகிறார்.

இந்த மீறலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எக்ஸ்பொசிஷனில் சியிலிருந்து ஐந்தாவது சுரமான ஜிக்குப் போனோம். எஃப்பிலிருந்து அதே தூரம் போனால் சி. வெளியூருக்குப் போன வழியே இப்போது வீட்டுக்கு வரும் வழி. ஆனாலும் அவர் முன்பு எழுதியதை அப்படியே இடம் மாற்றி வைக்கவில்லை. ஸ்கேல்களுக்கு நான்கு பார் கூட்டி, இடது கையையும் ஓடவிடுகிறார். 57-ஆம் பாரில் முன்பு நின்ற அதே ஜி கார்டில் மறுபடியும் வந்து நிற்கிறோம். அன்று அந்த வாசல் ஜி மேஜருக்குத் திறந்தது. இன்று அதே வாசல் சி மேஜருக்குத் திறக்கிறது. 59-ஆம் பாரில் இரண்டாவது மெட்டு முதன்முறையாகச் சொந்த வீட்டில் ஒலிக்கிறது. அதன்பின் கடைசிப் பார் வரை சி மேஜரை விட்டு இசை போகவில்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு சொனாட்டாவைப் பகுத்தெழுதும்போது முதல் மெட்டு திரும்பும் இடத்தைக் குறித்ததோடு பென்சிலைக் கீழே வைக்காதீர்கள். இரண்டாவது மெட்டு எக்ஸ்பொசிஷனில் எந்தக் கீயில் வந்தது, ரீகேபிடுலேஷனில் எந்தக் கீயில் வருகிறது என்று இரண்டையும் எழுதுங்கள். கே. 545-இல் 42-ஆம் பாரில் மெட்டுதான் திரும்புகிறது; இசை வீடு திரும்புவது 59-ஆம் பாரில்.