சி.டி.சி. எட்டு லட்சம், கைக்கு எவ்வளவு?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நாலு வருஷமாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இப்போது அவருடைய சி.டி.சி. ஆண்டுக்கு ஆறரை லட்சம். புதிய நிறுவனம் எட்டு லட்சம் தருவதாக ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. இருபத்து மூன்று சதவீத உயர்வு. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சேர்ந்த முதல் மாதம் வங்கிக் கணக்கில் விழும் தொகை, பழைய சம்பளத்தைவிட 1,800 ரூபாய் குறைவாக இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ‘சம்பள விவரம்’ என்ற அட்டவணையில் எழுதியே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை. ஆனால் அமைப்பு இன்று பரவலாகக் காணக்கூடியது. எட்டு லட்சத்தில் முதலில் 1,20,000 ரூபாய் வேரியபிள் பே. மாத பேசிக் 30,000. அதில் பன்னிரண்டு சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, ஆண்டுக்கு 43,200. கிராஜுவிட்டிக்கு 17,316. காப்பீட்டுப் பிரீமியம் 19,484. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஆறு லட்சம், அதாவது மாதம் ஐம்பதாயிரம். அதிலிருந்து அவருடைய பங்கு பி.எஃப். 3,600 பிடிப்பார்கள். சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 208. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. ஆக, கைக்கு வருவது ஏறத்தாழ 46,200. எட்டு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 66,000 என்று மனக்கணக்குப் போட்டு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தவர் இங்கே திகைத்துப்போவார்.

பழைய வேலையிலும் மாதம் ஐம்பதாயிரம்தான், பேசிக்கும் அதே 30,000தான். அங்கே வேரியபிள் கிடையாது. பி.எஃப். மட்டும் 1,800 என்ற அளவில் நின்றது. அதனால் கைக்கு 48,000 வந்தது. இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூடிய ஒன்றரை லட்சம் எங்கே போனது என்று தெரிந்துவிடும்: வேரியபிளில் 1,20,000, நிறுவனத்தின் பி.எஃப். பங்கில் 21,600, பிரீமியத்தில் 8,400. மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

முதலில் பி.எஃப். கணக்கைப் பார்ப்போம். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இந்தத் திட்டத்தில் ஊழியர் பன்னிரண்டு சதவீதம், நிறுவனம் பன்னிரண்டு சதவீதம் கட்டவேண்டும். ஆனால் கட்டாயம் என்பது மாதம் 15,000 ரூபாய் ஊதியம் வரைக்கும்தான். அந்த உச்சவரம்பு 2014 செப்டம்பரில் வந்தது. பதினைந்தாயிரத்தில் பன்னிரண்டு சதவீதம் 1,800. பேசிக் எவ்வளவு இருந்தாலும் 1,800 மட்டும் கட்டும் நிறுவனங்களும் உண்டு, முழு பேசிக்குக்கும் கட்டுகிறவையும் உண்டு. இரண்டும் முறையானவையே.

இந்தப் பெண்ணுக்கு மாதம் 1,800 குறைந்தது உண்மை. ஆனால் பி.எஃப். கணக்கில் முன்பு 3,600 சேர்ந்தது, இனி 7,200 சேரும். 2024-25ஆம் ஆண்டுக்கு வட்டி 8.25 சதவீதம். எனவே இது நட்டமில்லை, பூட்டிவைத்த பணம். வாடகையும் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் கட்டவேண்டியவருக்குக் கையில் பணம் முக்கியம். நெருக்கடி இல்லாதவருக்கு முழு பேசிக்குக்கும் கட்டும் நிறுவனமே மேல் என்பது என் கருத்து. எப்படியானாலும், “பி.எஃப். 1,800 மட்டுமா, முழு பேசிக்குக்குமா? நான் தேர்ந்தெடுக்கலாமா?” என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் சேரும்போது கேட்பவருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு பிறகு கிடைப்பதில்லை.

நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகும் என்று நினைத்துவிடவேண்டாம். ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய் அந்தத் திட்டத்துக்குப் போகும். பத்து ஆண்டு சேவை இருந்தால்தான் அது மாத ஓய்வூதியமாகும். 2014 செப்டம்பருக்குப் பிறகு, பதினைந்தாயிரத்துக்கு மேல் பேசிக்கோடு முதன்முதலாகப் பி.எஃப். உறுப்பினரானவர்கள் அந்தத் திட்டத்தில் வரமாட்டார்கள்; அவர்களுக்கு முழுப் பங்கும் பி.எஃப். கணக்கிலேயே சேரும். வேலை மாறும்போது பழைய பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்வது நல்லது. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு ஆகும் முன் எடுத்தால் வரி உண்டு, மாற்றிக்கொண்டால் பழைய ஆண்டுகளும் அந்தக் கணக்கில் சேரும்.

சிறு நிறுவனத்தில் சேருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். பிடித்த பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும் என்பது விதி. பி.எஃப். அலுவலகத்தின் இணையதளத்தில் Establishment Search என்ற பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்தெந்த மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். முந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நேர்காணலில் சொன்ன நிறுவனம் நாற்பது பேருக்கு மட்டும் கட்டியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் காரணம் கேட்கவேண்டும். சேர்ந்தபின் சம்பளச் சீட்டின் பிடித்தம் பகுதியில் உங்கள் பங்கு மட்டுமே இருக்கவேண்டும். நிறுவனத்தின் பங்கையும் உங்கள் மாதச் சம்பளத்திலிருந்தே கழித்தால் அது தவறு.

காப்பீட்டுக்கு வருவோம். அட்டவணையில் தெரியும் 19,484 பிரீமியம் மட்டுமே. அதைப் பார்த்து ஒன்றும் புரியாது. கேட்கவேண்டியவை வேறு: காப்பீட்டுத் தொகை எவ்வளவு, அது ஆளுக்கா, குடும்பத்துக்கு மொத்தமாகவா, பெற்றோர் அதில் வருகிறார்களா. நம் வீடுகளில் கடைசிக் கேள்விதான் பெரிது. குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தனியாகப் பாலிசி எடுத்தால் அதற்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அப்பாவுக்கு இந்த வேறுபாடு ஒரு சம்பள உயர்வுக்குச் சமம். பெற்றோரைச் சேர்க்கத் தனிப் பிரீமியம் பிடிப்பார்களா, அவர்களுடைய சிகிச்சைச் செலவில் இத்தனை சதவீதம் நீங்கள் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சேர்ந்த சில வாரங்களுக்குள் பெயர்களைப் பதிவு செய்யாவிட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்கவேண்டிவரும்.

அறை வாடகை வரம்பை யாரும் கவனிப்பதில்லை. மூன்று லட்சம் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவீதம், அதாவது 3,000 வரை என்று இருக்கிறது என்போம். அம்மாவை 6,000 ரூபாய் அறையில் சேர்க்கிறீர்கள், நாலு நாள். வாடகையில் பாதி, 12,000, உங்கள் கையிலிருந்து என்று நினைப்பீர்கள். பல பாலிசிகளில் அதோடு நிற்பதில்லை. வரம்பு அறை வாடகையில் பாதியாக இருப்பதால், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் தருவார்கள். அவை 1,20,000 என்றால் 60,000 நீங்கள் கட்டவேண்டும். மருந்துக்கும் உள்ளே பொருத்தும் கருவிகளுக்கும் பொதுவாக இந்தக் குறைப்பு இல்லை. அப்படியும் மூன்று லட்சம் பாலிசியில் பணம் மீதமிருக்கும்போதே 72,000 ரூபாய் சொந்தப் பணம் போய்விடுகிறது.

வேலையை விட்ட கடைசி நாளோடு இந்தப் பாதுகாப்பும் முடியும். ஆகவே நிறுவனம் எவ்வளவு தந்தாலும், குடும்பத்துக்குச் சிறிய அளவிலாவது சொந்தப் பாலிசி ஒன்று ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இனி அந்த 1,20,000. வேரியபிள் பே என்பது இலக்குத் தொகை. கிடைக்கும் தொகை அன்று. பல நிறுவனங்களில் நிறுவனத்தின் செயல்பாட்டுக்கு ஒரு சதவீதமும் உங்கள் மதிப்பீட்டுக்கு ஒரு சதவீதமும் வைத்து இரண்டையும் பெருக்குவார்கள். நிறுவனம் 80, நீங்கள் 90 என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பெருக்கினால் 72 சதவீதம், அதாவது 86,400 ரூபாய். செப்டம்பரில் சேர்ந்தால் மார்ச் வரை ஏழு மாதங்களுக்கு மட்டும் கணக்கிடுவார்கள், அப்போது 50,400. அதையும் அடுத்த ஜூன் அல்லது ஜூலையில்தான் தருவார்கள். பணம் தரும் நாளில் நீங்கள் பணியில் இருக்கவேண்டும், ராஜினாமா கொடுத்திருக்கக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். முழு ஆண்டு உழைத்துவிட்டு மே மாதம் ராஜினாமா கொடுத்து, ஒரு ஆண்டின் வேரியபிளை இழந்தவர்கள் ஏராளம். தொண்ணூறு நாள் நோட்டீஸ் உள்ள இடத்தில் இந்தத் தேதிகளைச் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

வேரியபிளுக்குப் பி.எஃப். பிடிப்பதில்லை. அடுத்த ஆண்டு உயர்வை மொத்தத்துக்குக் கணக்கிடுவார்களா, நிலையான சம்பளத்துக்கு மட்டுமா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹெச்.ஆரிடம் தயங்காமல் கேட்கலாம்: “சார், கடந்த மூணு வருஷத்துல என்னோட லெவல்ல இருக்கறவங்களுக்கு வேரியபிள் எத்தனை பர்சென்ட் குடுத்தீங்க? எப்போ குடுப்பீங்க? நோட்டீஸ் பீரியட்ல இருந்தா கிடைக்குமா?” போனில் கிடைத்த பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி, “நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?” என்று கேட்டு உறுதி வாங்குங்கள். “எல்லாருக்கும் நூறு பர்சென்ட் வந்துரும்” என்று வாயால் சொன்னவர் எழுத்தில் தர மறுத்தால், அந்தத் தொகையைப் பாதியாக எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

கிராஜுவிட்டியைப் பற்றி ஒரு வரி போதும்: நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால்தான் கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடும் எண்ணம் இருந்தால் அந்த 17,316ஐ உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்தப் பெண் அந்த ஆஃபரை அப்படியே ஏற்கக்கூடாது என்பேன். மறுக்கவும் வேண்டாம். சி.டி.சி. எட்டு லட்சமாகவே இருக்கட்டும், வேரியபிளில் பாதியை, 60,000 ரூபாயை, மாதச் சம்பளத்துக்கு மாற்றித்தாருங்கள் என்று கேட்கவேண்டும். அது சிறப்புப் படியாகச் சேர்ந்தால் மாதம் ஐயாயிரம் கூடி, கைக்கு 51,200 வரும். பழையதைவிட 3,200 அதிகம். பி.எஃப். சேமிப்பு தனியாகக் கூடுகிறது. நிறுவனத்துக்கு மொத்தச் செலவு மாறாததால் இந்தக் கோரிக்கைக்குச் சம்மதிப்பவர்கள் உண்டு. ஆனால் இதையெல்லாம் கேட்கும் வலு, பழைய நிறுவனத்தில் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்புவரைதான் உங்களிடம் இருக்கும். திருத்திய அட்டவணை எழுத்தில் வந்தபிறகு ராஜினாமா கொடுங்கள்.