படத்திலிருந்து பொருள்களை அகற்றல்: எந்தக் கருவி, எப்போது?

கண்டி வாவிக் கரையில் எடுத்த ஒரு நிழற்படத்தை வரலாற்று ஒப்படைக்காகத் திருத்த வேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் காலத்து வாவியும், அதன் கரையிலுள்ள முக்கோணத் துளைகள் கொண்ட முகில் மதிலும் படத்தில் உள்ளன. ஆனால் வேண்டாதவை நான்கு உண்டு: வானத்தில் மின்கம்பி, நீரில் பிளாஸ்டிக் போத்தல், மதிலின் முன் சாய்த்து வைத்த குடை, மதிலின் ஒரு பகுதியை முற்றாக மறைத்து நிற்கும் வேன். போட்டோஷொப் மென்பொருளில் இவற்றை எவ்வாறு அகற்றுவது?

கருவியைத் தெரிவு செய்யுமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றே: மறைந்துள்ள இடத்தில் இருக்க வேண்டியது, இதே படத்தில் வேறிடத்தில் உள்ளதா? முதல் மூன்று பொருள்களுக்கும் விடை 'ஆம்'. வேனுக்கு விடை 'இல்லை'. முதலில் Ctrl+J அழுத்திப் படத்தின் பிரதியை எடுத்து, அப்பிரதியில் மட்டும் வேலை செய்க. மூலப்படம் மாறாதிருக்கும்.

மின்கம்பி: வானம் ஒரே தன்மையானது. எனவே கன்டென்ட் அவெயார் பில் போதும். கம்பியைச் சுற்றிச் சிறிது இடம் விட்டுத் தெரிவு செய்து, Edit > Content-Aware Fill கட்டளையை வழங்குக. படத்தின் மேல் பச்சை நிறம் தோன்றும். கணினி மாதிரி எடுக்கும் பகுதி அதுவே. மலையிலுள்ள மரங்களும் பச்சைக்குள் இருப்பின், தூரிகையால் அவற்றை நீக்குக. இல்லையெனில் வானத்தில் இலைத் துண்டுகள் முளைக்கும். Output To என்பதில் Current Layer எனத் தெரிவு செய்து OK கொடுக்க.

போத்தல்: நீரின் நிறம் இடத்துக்கிடம் மெல்ல மாறும். இதற்குப் பேட்ச் கருவி ஏற்றது. போத்தலைச் சுற்றி வரைந்து, அத்தெரிவைச் சுத்தமான நீர்ப்பகுதிக்கு இழுத்து விடுக. கருவி அங்குள்ள அலைகளை எடுத்து, நிறத்தையும் ஒளியையும் போத்தல் இருந்த இடத்தின் ஓரத்துடன் இணங்கச் செய்யும். தொலைவிலுள்ள அலை சிறிதாகத் தெரிவதால், மேலும் கீழும் இழுக்காது பக்கவாட்டில் இழுப்பதே நன்று. தெரிவு மதிலைத் தொட்டால் மதிலின் நிறம் நீரில் கசிந்து கறை போலத் தெரியும்.

குடை: இங்கு கோடுகளும் துளைகளும் பிசகாது தொடர வேண்டும். ஆகவே குளோன் ஸ்டாம்ப் கருவியைப் பயன்படுத்துக. Aligned என்பதைத் தெரிவு செய்து, குடைக்கு அண்மையிலுள்ள துளையின் மேல்முனையில் Alt சாவியுடன் சொடுக்குக. பின் மறைந்துள்ள துளையின் மேல்முனை இருக்க வேண்டிய இடத்திலிருந்து தீட்டுக. இக்கருவி உள்ளதை அப்படியே பிரதி செய்யும்; ஒளியைத் தானாகச் சரிசெய்யாது. மதில் தூரத்தே செல்லச் செல்லத் துளைகள் சிறுப்பதால் அடுத்துள்ள துளையையே மாதிரியாகக் கொள்க. இரு துளைகளின் அருகிலும் ஒரே பாசிக்கறை இருந்தால் திருட்டு வெளிப்பட்டு விடும். 2006 ஆகஸ்ட் மாதம் பெய்ரூத் நகரப் புகையைக் காட்டிய படமொன்றை ரொய்ட்டர் நிறுவனம் மீளப் பெற்றதும் இத்தகைய தடயத்தாலேயே. ஒரே வடிவப் புகைச்சுருள் மீண்டும் மீண்டும் வந்திருந்தது.

வேன்: 2023 இல் அறிமுகமான ஜெனரேட்டிவ் பில் வேனை எளிதில் அகற்றும். வேனைத் தெரிவு செய்து, Generative Fill பொத்தானை அழுத்தி, எழுதும் பெட்டியை வெறுமையாக விட்டு Generate கொடுத்தால் மாதிரிகள் கிடைக்கும். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். படப்பகுதி நிறுவனத்தின் சேவையகத்துக்குச் செல்லும். பெரிய பகுதியாயின் 100% அளவில் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிட மங்கலாக உள்ளதா எனச் சோதிக்க.

ஆனால் முக்கிய வேறுபாடு இதுவே: முதல் மூன்று கருவிகளும் இப்படத்திலுள்ள படவணுக்களையே எடுத்து வைக்கின்றன. நான்காவது, வேறு படங்களிலிருந்து கற்றதைக் கொண்டு புதிதாக வரைகிறது. வேனின் பின்னால் எத்தனை துளைகள் இருந்தன, அங்கு படிக்கட்டு இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு மாதிரியிலும் மதில் வெவ்வேறாக வருவதே அதற்குச் சான்று. வாழ்த்து அட்டைக்கு இது பொருந்தும். வரலாற்று ஒப்படைக்குப் பொருந்தாது. இல்லாத மதிலைச் சான்றாகக் காட்டியதாகி விடும். வேன் சென்றபின் மீண்டும் படமெடுப்பதே சரி. ஏனைய மூன்றையும் அகற்றியிருப்பின், படத்தின் கீழ் அதனைக் குறிப்பிடுக.

பயிற்சி வினா: மதிலின் துளையொன்றை மறைத்த குடையை அகற்றப் பேட்ச் கருவி ஏன் பொருத்தமற்றது?

விடை: அது ஓரங்களின் நிறத்தைக் கலப்பதால் துளையின் கூர்மையான விளிம்புகள் மங்கிக் கசியும்.